வெட்டலாமா, வேண்டாமா: பழைய படத்தின் தனி நகைச்சுவையும் யாங்கோன் தமிழ் வகுப்புக்கு ஒரு படமும்

யாங்கோனில் எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய படம் போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் படம் என்பதில்தான் இழுபறி. மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: ‘பராசக்தி’, ‘கல்யாணப் பரிசு’, ‘காதலிக்க நேரமில்லை’. கூடவே ஒரு யோசனையும் வந்திருக்கிறது. மின்சாரம் முறைவைத்து வருகிறது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிக் கட்டுப்படியாகாது, அதனால் ‘கல்யாணப் பரிசு’ என்றால் தங்கவேலு வரும் நகைச்சுவைப் பகுதிகளை எடுத்துவிட்டுப் போடலாம், கதைக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லையே என்கிறார்கள். இந்த ‘சம்பந்தமில்லை’ சரிதானா என்று பார்த்தால்தான் எதைப் போடுவது என்பதும் தெளியும்.

சம்பந்தமில்லாதது போலத் தோன்றக் காரணம் அந்தப் பகுதிகள் தயாரான விதம். தமிழ் சினிமா மேடையிலிருந்து வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இருப்பது போலவே பபூனுக்கும் தனி இடம் உண்டு. காட்சி மாறும் நேரத்தில் அவர் வந்து பேசுவார், பாடுவார், ஊர் நடப்பைக் கிண்டலடிப்பார். ராஜாவின் கதைக்குள் அவர் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரனும் அப்படித்தான், கதைக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். அந்த மேடைகளில் வளர்ந்த நடிகர்கள்தான் பேசும்படத்துக்கு வந்தார்கள். வரும்போது வேலைப் பிரிவினையையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கம்பெனியில் தேறியவர். அவரும் டி.ஏ.மதுரமும் ஜோடியாகப் புகழ்பெற்ற பிறகு, அவர்களுடைய பகுதியைப் படத்தின் கதாசிரியர் எழுதுவதில்லை. கலைவாணரே தன் குழுவோடு யோசித்து, பாட்டும் வசனமும் அமைத்து, தனியாக எடுத்துக் கொடுப்பார். தயாரிப்பாளருக்கும் அது வசதி. கதாநாயகனுடைய கால்ஷீட்டுக்கும் நகைச்சுவை நடிகருடைய கால்ஷீட்டுக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. படத்தை வாங்கும் விநியோகஸ்தருக்கு அந்த ஜோடியின் பெயர் ஒரு உத்தரவாதம். ‘சந்திரலேகா’ (1948) தயாராகிக்கொண்டிருந்தபோதுதான், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்றிருந்த கலைவாணர் விடுதலையாகி வந்தார். எஸ்.எஸ்.வாசன் அவருக்கும் மதுரத்துக்கும் காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தார். பாதி வளர்ந்த படத்தில் இரண்டு பேரை இப்படி நுழைக்க முடிந்ததற்குக் காரணம், நகைச்சுவை என்பது தனியாகக் கட்டி இணைக்கக்கூடிய பகுதி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததுதான்.

படத்தை நீட்டுவதற்காகத்தான் இதை வைத்தார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் கச்சா ஃபிலிம் கிடைக்காமல், ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு வைத்தது. ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியென்றால் சுமார் இரண்டு மணி நேரம்தான். அந்த நெருக்கடியில் வந்த ‘ஹரிதாஸ்’ (1944) படத்திலும் கலைவாணரும் மதுரமும் இருக்கிறார்கள். அடிக்கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய காலத்தில் பாகவதரின் பாட்டுக்குப் பக்கத்திலேயே நகைச்சுவைக்கும் ஃபிலிம் ஒதுக்கினார்கள் என்றால், அது வெறும் இட்டு நிரப்பலாக இருந்திருக்க முடியாது.

பர்மாவில் இருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி இருக்கிறது. பகோடா திருவிழாவில் அன்யெய்ன் பார்க்காத பிள்ளை நம் வகுப்பில் இருக்காது. ஆட்டக்காரி ஆடி முடித்து மூச்சு வாங்கும்போது கோமாளிகள் பேச்சை எடுத்துக்கொள்கிறார்கள். விலைவாசி, அதிகாரி, மாமியார் என்று எல்லாம் அடிபடுகிறது. பிறகு ஆட்டம் தொடர்கிறது. ஆட்டத்துக்கும் பேச்சுக்கும் கதைத் தொடர்பு கிடையாது, ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது அன்யெய்ன் ஆகாது. பபூனைத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். சென்னையில் இருக்கிற ஒரு பிள்ளைக்கு விளக்குவதைவிட யாங்கோன் பிள்ளைக்கு விளக்குவது சுலபம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் சினிமா அன்யெய்னோடு நின்றுவிடவில்லை. நல்ல கைகளில் அந்தத் தனிப் பகுதி, பிரதானக் கதை கேட்கிற அதே கேள்வியை வேறு சுருதியில் கேட்க ஆரம்பித்தது. இதற்கு ‘கல்யாணப் பரிசு’ (1959) போல ஒரு உதாரணம் கிடைப்பது கடினம். ஸ்ரீதர் இயக்கிய முதல் படம் அது. நகைச்சுவைப் பகுதியில் அவருடைய பால்ய நண்பர் கோபுவின் கை உண்டு, பின்னாளில் சித்ராலயா கோபு என்று பெயர் வாங்கியவர்.

பிரதானக் கதை இதுதான். பாஸ்கரும் வசந்தியும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்கா கீதா, அது தெரியாமல் பாஸ்கரை மனதில் வைத்துவிடுகிறாள். அக்காவுக்காக வசந்தி ஒதுங்கிக்கொண்டு, அவளைக் கட்டிக்கொள்ளும்படி பாஸ்கரையே கேட்கிறாள். கல்யாணம் நடக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு உண்மை மூன்றாமவருக்குத் தெரியாது. படத்தின் பின்பாதி முழுக்க அந்த மறைப்பின் கனம்தான். அது கீதாவைச் சந்தேகத்தில் தள்ளுகிறது, தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறது, கடைசியில் உண்மை தெரியும்போது எதையும் மீட்க முடியாது.

நகைச்சுவைப் பகுதியில் தங்கவேலு பாஸ்கரின் நண்பன் சம்பத். மனைவியாக எம்.சரோஜா. சம்பத்துக்கு வேலை இல்லை. வீட்டில் ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் உத்தியோகம் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பொய் அம்பலமானதும் அடங்கிவிடுகிறாரா என்றால், இல்லை. எழுத்தாளர் பைரவன் என்பது தானேதான் என்று அடுத்த பொய்யைத் தூக்கிப் பிடிக்கிறார். மனைவிக்குப் பைரவனின் எழுத்து என்றால் உயிர். பைரவனுக்கு எடுத்த பாராட்டு விழாவைப் பற்றி அவர் வீட்டில் வந்து அளக்கிற காட்சியைப் பெரியவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கேயும் கணவன் மனைவியிடம் ஒன்றை மறைக்கிறான், அங்கேயும் மறைக்கிறான். இங்கே மறைப்பது சொந்தக் கௌரவத்துக்காக, அங்கே மறைப்பது இன்னொருத்தியின் நிம்மதிக்காக. சம்பத்தின் பொய் சுயநலமானது, ஆனால் உடைந்ததும் வீடு சிரித்துவிட்டு மறுநாள் எழுந்துகொள்கிறது. பாஸ்கரும் வசந்தியும் மறைத்தது தியாகத்தால், ஆனால் அது உடையும்போது ஒரு உயிரே போகிறது. நல்ல எண்ணத்தோடு மறைத்தது கெட்ட எண்ணத்தோடு சொன்ன பொய்யைவிட அதிகமாக அழிக்கிறது என்பதை ஸ்ரீதர் எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வசனமாக வைக்கவில்லை. இரண்டு வீடுகளை மாற்றி மாற்றிக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

சம்பத் வீட்டுக் காட்சிகளின் தொனியையும் கவனிக்க வேண்டும். தங்கவேலு கத்துவதில்லை, விழுந்து புரள்வதில்லை. சொல்லும் பொய்யைத் தானே நம்பிவிட்டவர் போல நிதானமாக, ஒவ்வொரு விவரமாகக் கூட்டிக்கொண்டே போவார். சரோஜா நடுவில் ஒரு சின்னக் கேள்வி கேட்பார், அதற்குப் பதில் சொல்ல இன்னொரு விவரம் தேவைப்படும், அந்த விவரம் இன்னொரு கேள்விக்கு இடம் கொடுக்கும். பொய் இப்படி ஒவ்வொரு செங்கல்லாக எழும்புவதை நாம் சிரித்துக்கொண்டே பார்த்துப் பழகியிருக்கும்போதுதான், அடுத்த வீட்டில் கீதா ஒரு சின்னக் கேள்வி கேட்கிறாள், பாஸ்கர் பதில் சொல்லத் தடுமாறுகிறான். சம்பத்தைப் பார்த்திராத ஒருவருக்கு அது ஒரு கணவன் மனைவி மனஸ்தாபமாகத் தெரியும். பார்த்தவருக்கு, அடுத்த செங்கல் வைக்கப்படுகிறது என்பது உடனே தெரியும்.

ஆகவே வெட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில் இரண்டு பகுதி. கதை புரிவதைப் பொறுத்தவரை வெட்டலாம், உண்மைதான். சம்பத் பிரதானக் கதையைத் தொடும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் சம்பவ வரிசை கெடாது. ஆனால் மிஞ்சுவது இரண்டு மணிக்கும் மேலாக ஒரே கனத்தில் ஓடும் சோகம். எங்கள் பிள்ளைகள் அதில் பாதியிலேயே போனை எடுத்துவிடுவார்கள். எடுக்காதவர்களுக்கும் அந்த ஒப்புமை போய்விடும். அதோடு, வெட்டுகிறவர் பெரும்பாலும் கணக்காக வெட்டுவதில்லை. அங்கங்கே கிடைக்கும் பிரதிகளில் இதைப் பார்த்திருக்கிறேன்: ஒரு நண்பர் முன்னறிமுகம் இல்லாமல் திடீரென்று வந்து உரிமையோடு பேசுவார். காட்சியின் கடைசி வார்த்தையில் பின்னணி இசை துண்டாகி நிற்கும். படத்தில் ஒரு பட்டப்பெயரைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள், அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிரதியில் நகைச்சுவை வெட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போடுவதற்கு முன் ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து ‘காதலிக்க நேரமில்லை’ (1964). அதே ஸ்ரீதர், அதே கோபு, ஐந்தே வருட இடைவெளி. இங்கே என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நாகேஷின் செல்லப்பா ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ என்று ஒரு கம்பெனி தொடங்கிப் படம் எடுக்க அலைகிறான். கதாநாயகி சச்சு. பணம் கேட்டு அப்பாவை நச்சரிக்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இது பழைய பாணித் தனி நகைச்சுவைதான். அவன் படம் எடுப்பதற்கும் ரவிச்சந்திரனின் காதலுக்கும் நேரடி முடிச்சு இல்லை. ஆனால் சம்பத்தைப் போல இவன் கதாநாயகனின் நண்பன் இல்லை. கதாநாயகிகளின் அண்ணன், பாலையாவின் மகன். எல்லா முடிச்சும் விழுகிற வீட்டுக்குள்ளேயே அவனைக் குடிவைத்துவிட்டார்கள்.

செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். நாகேஷ் ஒலிகளோடு கதை சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. சிரிப்புக்காக மட்டும் அந்தக் காட்சியைப் பார்த்தாலும் போதும். ஆனால் கதைக்கு அது செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. விஸ்வநாதன் என்கிற அந்தப் பணக்கார அப்பா, நன்றாக நடித்துச் சொன்னால் எதையும் நம்பிவிடுகிற மனிதர் என்று அங்கே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். படத்தின் பிரதான சூழ்ச்சி என்ன? முத்துராமன் வயதான கோடீஸ்வரனாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து அதே விஸ்வநாதனிடம் ஒரு கதை சொல்கிறார், அவர் நம்புகிறார். மகன் சொன்ன கதைக்கு நடுங்கிய முகம்தான் போலிக் கோடீஸ்வரன் சொன்ன கதைக்குக் குழைகிறது. செல்லப்பாவை வெட்டினால் சம்பவம் குறையாது, ஆனால் ‘இந்த மனுஷன் எப்படி இவ்வளவு சுலபமாக ஏமாந்தார்?’ என்று பார்ப்பவர் கேட்பார்.

இங்கே தனிப் பகுதிக்கும் கதைக்கும் நடுவில் இருந்த சுவர் மெலிந்துவிட்டது. ‘கல்யாணப் பரிசில்’ இரண்டு வீடுகள் எதிரெதிரே நிற்கின்றன, இதில் ஒரே வீடு. படம் முழுக்கவே நகைச்சுவை என்பதால் அப்படிச் செய்ய முடிந்தது. சோகக் கதைக்குள் செல்லப்பாவை இப்படிக் குடிவைத்தால் ஒன்று அவன் சோகத்தைக் கெடுப்பான், இல்லையென்றால் சோகம் அவனை அமுக்கிவிடும். தனித்தனியாக வைப்பது பத்தாம்பசலித்தனம், பின்னிவிடுவதுதான் வளர்ச்சி என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லாதது இதனால்தான். அழ வைக்கிற கதைக்குச் சுவர் தேவைப்பட்டது.

‘பராசக்தி’க்கு (1952) வருவோம். பெரியவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. கதை தொடங்குவதே ரங்கூனில் வாழும் சகோதரர்களிடமிருந்துதான். ஜப்பான் குண்டு விழுந்த காலம், மதுரையில் தங்கைக்குக் கல்யாணம், கப்பலில் ஒருவருக்குத்தான் இடம், மற்றவர்கள் பிறகு நடந்தே தாயகம் போகிறார்கள். 1942இல் நடந்து போனவர்களின் கதையும், போகாமல் இங்கேயே தங்கியவர்களின் கதையும் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறது. இந்தப் படம் ஓடும்போது நம் மண்டபத்தில் விழுகிற மௌனம் வேறு எந்த ஊரிலும் விழாது.

நகைச்சுவையைப் பொறுத்தவரை இதன் வழி வேறு. கலைஞரின் வசனத்தில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், சிரிப்பை ஒரு தனி ஜோடியிடம் ஒப்படைக்காமல் கதாநாயகனே சுமக்கிறான். சென்னையில் இறங்கிப் பணத்தைப் பறிகொடுத்த குணசேகரன் பைத்தியக்காரனாக நடிக்கிறான். பிழைப்புக்காகச் செய்கிற அந்தக் கோமாளித்தனத்தையே, தான் யார் என்று சொல்லிக்கொள்ளாமல், விதவையாகிவிட்ட தங்கையின் முன்னாலும் செய்கிறான். பபூனும் ராஜபார்ட்டும் ஒரே உடம்பில் வந்து நிற்கிறார்கள். நாம் சிரிக்கிற அதே நொடியில் அவள் யாரென்று தெரியாமல் அவனைத் திட்டுகிறாள். இதில் எதையும் வெட்ட வழியே இல்லை. சிரிப்பை எடுத்தால் கதாநாயகனே போய்விடுவான்.

வகுப்புக்கு ஏன் இதைத் தயங்குகிறேன் என்றால், மொழி. பள்ளியில் பர்மியமும் வீட்டில் பாதித் தமிழும் பேசுகிற பிள்ளைக்கு அந்த அடுக்கு வசனம் வேகமாக ஓடிவிடும். குணசேகரனின் கிண்டல் முழுக்கச் சொல்லில் இருக்கிறது. சொல் பிடிபடாவிட்டால் அவன் வெறும் பைத்தியக்காரனாகத் தெரிவான், நடிப்பு என்பதே புரியாது. எங்கள் மூத்த ஆசிரியை அக்கா இதைத்தான் அழுத்திச் சொன்னார்: “நான் பக்கத்துல உக்காந்து சொல்லிச் சொல்லித்தான் காட்டணும் தம்பி, அப்படிச் சொன்னா சிரிப்பு எங்க வரும்?” சரியான பேச்சு. இதற்கு நேர்மாறாக, சம்பத் வீட்டுத் தமிழ் நம் வீட்டுத் தமிழ். புருஷன் பெண்டாட்டி அன்றாடம் பேசுவது, சின்ன வாக்கியம், கேள்வி பதில். ‘காதலிக்க நேரமில்லை’யில் பாதிச் சிரிப்பு முகத்திலும் வேஷத்திலும் இருப்பதால் தமிழ் குறைவாக உள்ள பிள்ளையும் விட்டுப்போகாது.

நேரக் கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘பராசக்தி’யும் ‘கல்யாணப் பரிசு’ம் மூன்று மணி நேரத்தைத் தாண்டுபவை, ‘காதலிக்க நேரமில்லை’ மூன்று மணிக்குள் அடங்கும். மின்சாரம் வருகிற ஒரே தவணையில் முடித்தாக வேண்டும் என்றால், பெரிய படத்தை வெட்டிப் போடுவதைவிடச் சின்னப் படத்தை முழுதாகப் போடுவது மேல். அந்த நிலைமை வந்தால் என் ஓட்டு ‘காதலிக்க நேரமில்லை’க்கு.

ஆனால் எங்களுக்கு அந்த நெருக்கடி கட்டாயமில்லை. சனியும் ஞாயிறும் மண்டபம் கிடைக்கிறது. அதனால் குழுவில் நான் சொல்லியிருப்பது ‘கல்யாணப் பரிசு’, தங்கவேலு ஒரு நிமிடமும் குறையாமல், இரண்டு நாளாகப் பிரித்து. எங்கே நிறுத்துவது என்பதில் கவனம் வேண்டும். பாஸ்கர் கீதா கல்யாணத்தோடு நிறுத்தினால் முதல் நாள் பிள்ளைகள் சோகத்தோடு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். அதற்கு அடுத்து வருகிற சம்பத் வீட்டுக் காட்சி வரை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். அதை அங்கே வைத்த காரணமும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மறுநாள் தொடங்குமுன் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: சம்பத் தன் மனைவியிடம் எதை மறைக்கிறான், பாஸ்கர் தன் மனைவியிடம் எதை மறைக்கிறான்? பதிலை அன்றைக்கே வாங்க வேண்டியதில்லை, படம் முடிந்த பிறகு எழுதித் தரச் சொல்லலாம். பர்மியத்தில் எழுதினாலும் வாங்கிக்கொள்வது என்று ஆசிரியை அக்கா ஒத்துக்கொண்டுவிட்டார்.

‘பராசக்தி’யைப் பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு மாலை போடலாம் என்று கேட்டிருக்கிறோம். டீசல் செலவை அன்றைக்கு வருகிறவர்களே பகிர்ந்துகொள்வதாகச் சொல்கிறார்கள்.